கேள்வி-பதில்: மெதுவான இணையத்துக்கு வீடியோவை எப்படி எக்ஸ்போர்ட் செய்வது?

கேள்வி: தையல் பாடங்களை வீடியோவாக எடுத்து அனுப்புகிறேன். ஒவ்வொன்றும் 12 நிமிடம். 1080p, நொடிக்கு 8 மெகாபிட் என்று வைக்கிறேன். மாணவிகளுக்கு நொடிக்கு 1 மெகாபிட் வேகம்தான் கிடைக்கிறது. படம் நின்று நின்று ஓடுகிறது.

பதில்: நொடிக்கு எத்தனை மெகாபிட் என்று சொல்லும் பிட்ரேட்டை நொடிகளால் பெருக்கி 8-ஆல் வகுத்தால் கோப்பின் அளவு வந்துவிடும். 12 நிமிடம் என்பது 720 நொடி. ஆகவே உங்கள் பாடம் ஒவ்வொன்றும் 720 எம்பி. 1 மெகாபிட் வேகத்தில் அது வந்து சேர 96 நிமிடம் ஆகும் என்பதால், 12 நிமிடப் பாடம் நிற்காமல் ஓட வழியே இல்லை.

கிடைக்கும் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குள் படமும் ஒலியும் சேர்ந்து அடங்க வேண்டும்; மீதி, வேகம் தடுமாறும் நேரங்களுக்கான இடம். 480p, H.264 என்ற சுருக்க முறை, படத்துக்குச் சராசரி 600 கிலோபிட், உச்சம் 900 கிலோபிட், ஒலிக்கு AAC மோனோ 64 கிலோபிட் என்று வையுங்கள். கோப்பு 60 எம்பி அளவில் வரும். உச்ச வரம்பை விடாமல் குறிப்பிடுங்கள்: பூவேலைத் துணி திரை முழுவதும் அசையும் இடத்தில் பிட்ரேட் திடீரென எகிறும், சராசரி சரியாக இருந்தும் படம் அங்கேதான் நிற்கும். எனவே முழுப் பாடத்தையும் எக்ஸ்போர்ட் செய்வதற்கு முன், அப்படிப்பட்ட 30 நொடியை மட்டும் தனியே எடுத்து ஒரு சாதாரண போனில் போட்டுப் பாருங்கள். அளவுகளைச் சொல்லும் சிறு எழுத்துகள் 480p-இல் மங்கும். அதற்காக ரெசல்யூஷனை ஏற்றாமல், எழுத்தைப் பெரிதாக்குங்கள்.

கேள்வி: "பாதி அளவில் அதே தரம்" என்று சொல்லி ஒருவர் பணம் வாங்கிக்கொண்டு வீடியோக்களை மாற்றித் தந்தார். பழைய போன் வைத்திருப்பவர்களுக்கு ஒலி மட்டும் கேட்கிறது, திரை கறுப்பாக இருக்கிறது. பார்ப்பவர்களின் போன்தான் கோளாறு என்கிறார்.

பதில்: கோளாறு போனில் இல்லை, உங்களிடமும் இல்லை. MediaInfo என்ற இலவசச் செயலியில் கோப்பைத் திறந்து, படப் பகுதியில் Format என்ற வரியைப் பாருங்கள். HEVC என்றிருந்தால், அவர் H.265 என்ற புதிய சுருக்க முறையில் மாற்றியிருக்கிறார். அது கோப்பைச் சிறிதாக்குவது உண்மைதான். ஆனால் அதைப் பிரித்துக் காட்டும் வன்பொருள் இல்லாத போனில் படம் திணறும், அல்லது வரவே வராது. அதைவிடப் புதிய முறையான AV1-க்கு இந்தத் தடை இன்னும் அதிகம், ஏனெனில் அதற்கான வன்பொருள் புதிய போன்களில்தான் இருக்கிறது. யார் எந்த போனில் பார்ப்பார்கள் என்று தெரியாதபோது H.264 ஒன்றே நம்பத்தக்கது. Format வரியில் H.264-இன் மறுபெயரான AVC என்றும் Bit depth வரியில் 8 bits என்றும் வரும்படி, மூலக் கோப்பிலிருந்தே மீண்டும் செய்து தருமாறு எழுத்தில் கேளுங்கள். HEVC கோப்பையே திரும்ப மாற்றித் தந்தால் தரம் இரண்டாம் முறையும் குறையும்; அதை ஏற்காதீர்கள். கூடுதல் பணமும் தர வேண்டாம்.

கேள்வி: 480p-க்கு மாற்றியபின் இடம் போதாமல் மூல வீடியோவை அழித்துவிட்டேன். திரும்ப 1080p ஆக்க எந்த மென்பொருள் வாங்கலாம்?

பதில்: எதையும் வாங்காதீர்கள். அழிந்த நுணுக்கத்தை எந்த மென்பொருளும் உள்ளபடி மீட்டுத் தராது. மூலக் கோப்பை அழிப்பதற்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

கேள்வி: என் எடிட்டிங் செயலியில் 4K எக்ஸ்போர்ட்டுக்குத் தனிச் சந்தா கேட்கிறார்கள். பார்ப்பவர்கள் எல்லாரும் போனில்தான் பார்க்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். இதே வசதிக்காக நான் ஓராண்டுச் சந்தா கட்டினேன். அந்த ஆண்டு முழுவதும் நான் அனுப்பியதில் ஒன்றுகூட 720p-ஐத் தாண்டவில்லை. ரெசல்யூஷன் எண்ணையே தரம் என்று விற்கும் வழக்கம் எனக்கு நெடுநாள் மனக்குறை. 480p படத்தில் ஏறத்தாழ 4.1 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன, 1080p-இல் 20.7 லட்சம், அதாவது ஐந்து மடங்கு. இணைப்பு தாங்குவது 600 கிலோபிட் மட்டும் என்றால், அதே பிட்டுகளை ஐந்து மடங்கு புள்ளிகளுக்குப் பங்கிட வேண்டியிருக்கும். அசைவு வந்தவுடன் முகமும் துணியும் கட்டங்கட்டமாக உடையும். அந்த பிட்ரேட்டில் கையகலத் திரையில் 480p-தான் தெளிவாகத் தெரியும். எனவே முதலில் பிட்ரேட்டை முடிவு செய்துவிட்டு, அது தாங்கும் ரெசல்யூஷனைப் பின்பு தேர்ந்தெடுக்க வேண்டும். விற்பவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, பெரிய எண்ணை முன்னே காட்டி, பிட்ரேட்டை அமைப்புகளுக்குள் மறைத்துவிடுகிறார்கள்.

கேள்வி: எங்கள் தளத்தில் ஏற்றியிருக்கும் வீடியோ 40 எம்பி மட்டுமே. ஆனாலும் ஓடத் தொடங்கவே வெகுநேரம் ஆகிறது.

பதில்: MP4 கோப்பில் எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை ஒன்று உண்டு. பல செயலிகள் அதைக் கோப்பின் கடைசியில் எழுதிவிடுகின்றன. அது கிடைக்கும்வரை போனில் படம் தொடங்காது. எக்ஸ்போர்ட் அமைப்பில் Fast Start அல்லது Web Optimized என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே முடித்த கோப்பு என்றால், கணினியில் ffmpeg என்ற இலவச மென்பொருளை நிறுவி, கீழேயுள்ள கட்டளையைக் கொடுத்தால் போதும்.

```
ffmpeg -i in.mp4 -c copy -movflags +faststart out.mp4
```

இது அட்டவணையை முன்னால் நகர்த்துகிறது; படத்தையும் ஒலியையும் தொடுவதில்லை என்பதால் தரம் குறையாது, சில நொடிகளில் முடிந்தும் விடும்.