சர்க்கரை ஏறுவதற்குப் பின்னால் வேறொரு ஹார்மோன் இருந்தால்: கேள்வி பதில்

டாக்டர், எனக்கு 36 வயது. ஆறே மாதத்தில் சர்க்கரை, பிபி, எடை மூன்றும் ஏறிவிட்டன. ராத்திரி டெக்ஸாமெத்தசோன் போட்டுவிட்டுக் காலையில் ரத்தம் கொடுக்கச் சொல்கிறார்கள். ஸ்டீராய்டு போட்டால் சர்க்கரை இன்னும் ஏறாதா?

ஒரு நாள் கொஞ்சம் ஏறலாம்மா, பிறகு இறங்கிவிடும். மொத்தமே 1 மில்லிகிராம், அதுவும் ஒரே ஒரு முறை. கடையில் 0.5 மி.கி. மாத்திரை கொடுத்தால் இரண்டு போட வேண்டும். ராத்திரி 11 மணிக்குப் போட்டுவிட்டு, காலை 8 மணியிலிருந்து 9 மணிக்குள் ரத்தம் கொடுங்கள். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்ததைப் பார்த்ததும் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி, சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பிக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும். அதனால் காலையில், அட்ரீனல் சுரக்கும், சர்க்கரையை ஏற்றும் ஹார்மோனான கார்டிசால் 1.8 மைக்ரோகிராமுக்குக் கீழே போயிருக்க வேண்டும். தன்னிஷ்டத்துக்குச் சுரக்கும் கட்டி ஏதாவது இருந்தால் இந்தப் பேச்சை அது கேட்காது. கார்டிசால் இப்படி அளவுக்கு மீறிப்போகும் நோய்க்குத்தான் கஷிங் என்று பெயர்.

சாப்பாட்டோடு எட்டு மணிக்கே போட்டுவிட்டுத் தூங்கிவிடுகிறவர்கள் நிறையப் பேர். அப்படி நடந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், இன்னொரு நாள் செய்துகொள்ளலாம். கருத்தடை மாத்திரையோ, மாதவிலக்கை ஒழுங்குபடுத்த ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையோ எடுக்கிறீர்களா? அது கார்டிசாலைத் தூக்கிக் காட்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும், வலிப்புக்கான ஃபெனிடாய்ன், கார்பமசெபைனும் டெக்ஸாமெத்தசோனைச் சீக்கிரமே கரைத்துவிடும் என்பதால் பொய்யாக அதிகம் காட்டும். அதற்காக அந்த மருந்துகளை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் சொன்னால் வேறு பரிசோதனை எழுதுவார்.

டென்ஷன் இருந்தால் கார்டிசால் ஏறும் என்று படித்தேன். நானே லேபில் காலை கார்டிசால் பார்த்தேன், 19. நார்மல் அளவுக்குள்தான். அப்போது எனக்குக் கஷிங் இல்லைதானே சார்?

மேடம் என்று சொல்லலாம், பரவாயில்லை. டென்ஷன் பற்றி நீங்கள் படித்ததில் பாதி சரி. மன அழுத்த நோய், குடிப்பழக்கம், கட்டுக்குள் வராத சர்க்கரை எல்லாமே கார்டிசாலைக் கொஞ்சம் ஏற்றும், அதனால்தான் ஒரு எண்ணை மட்டும் பார்த்து யாருக்கும் நோய்ப் பெயர் வைப்பதில்லை. ஆனால் காலை எண்ணை வைத்து இல்லை என்றும் சொல்ல முடியாது. காலையில் எல்லோருக்கும் கார்டிசால் உயரத்தில்தான் இருக்கும், நடு ராத்திரிக்குள் நன்றாக இறங்கிவிடும். கஷிங்கில் முதலில் கெடுவது அந்த ராத்திரி இறக்கம். பதினொரு மணிக்குமேல் வாயில் பஞ்சுச் சுருளை வைத்து எடுக்கும் எச்சில் கார்டிசால், 24 மணி நேரச் சிறுநீர், மேலே சொன்ன மாத்திரைப் பரிசோதனை ஆகிய மூன்றில் ஒன்றுதான் ஆரம்பம்.

எங்கள் அம்மாவுக்கும் முகம் உப்பி, சாயங்காலம் சர்க்கரை 280 வருகிறது. வெறும் வயிற்றில் 108தான். கார்டிசால் பார்த்தால் 1.1, குறைவு. கஷிங் இல்லை என்று நிம்மதி. மூட்டு வலிக்கு இரண்டு வருஷமாக ஒருவரிடம் பொட்டலத்தில் பொடி வாங்குகிறார், அதையும் நேற்றோடு நிறுத்திவிட்டேன்.

தம்பி, இதைப் படித்ததும் அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். முகம் உப்பலும் 1.1-ம் சேர்ந்து வந்தால், பொடியில் ஸ்டீராய்டு இருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பெயர் ஒட்டாத வலிப் பொடிகளில் அதைக் கலப்பது புதிதல்ல. வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்ததால் அம்மாவின் அட்ரீனல் தூங்கிவிட்டது, அதுதான் எண் குறைவாக வருகிறது. வெறும் வயிற்றில் ஏறாமல் சாயங்காலம் ஏறுவதும், காலையில் எடுக்கும் ஸ்டீராய்டில் அடிக்கடி பார்க்கிற தினுசுதான். இப்போது பொடியைத் திடீரென்று நிறுத்தினால் வாந்தி, தலைசுற்றல் வரும், பிபி இறங்கும், சர்க்கரையும் தாழும், உயிருக்கே ஆபத்தாகலாம். மீதிப் பொட்டலத்தையும் கையோடு எடுத்துப் போங்கள். அளவு தெரிந்த மாத்திரைக்கு மாற்றி, மாதக்கணக்கில் மெதுவாகக் குறைப்பார்கள்.

ஒரு பரிசோதனை முடிந்தால் அடுத்தது, அடுத்தது என்று எழுதிக்கொண்டே போகிறார்கள். காசுக்குத்தானே?

கோபம் புரிகிறது, செலவும் கொஞ்சநஞ்சமில்லை. நான் பார்த்த ஒருவரை வைத்துச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். 38 வயதுப் பெண், இன்சுலின் 60 யூனிட் போட்டும் சர்க்கரை 300. தரையில் உட்கார்ந்து அரிசி களைந்துவிட்டு, சுவரைப் பிடிக்காமல் எழ முடியவில்லை என்றார். புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்தால் காகிதம்போல மெலிந்திருந்தது, வயிற்றில் விரல் அகலத்துக்கு ஊதாக் கோடுகள். மாத்திரைப் பரிசோதனையில் 7.2 வந்தது. ஆனால் அவர் கருத்தடை மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார், அதை நிறுத்தி ஆறு வாரம் கழித்துத் திரும்பச் செய்தோம். அப்போதும் 9.8. இரண்டு ராத்திரி எச்சிலும் அதிகம். சுரப்பு அதிகம் என்பது உறுதியான பிறகுதான் எங்கிருந்து என்று தேடினோம். அட்ரீனலுக்குக் கட்டளை கொண்டுபோகும் பிட்யூட்டரி ஹார்மோனான ஏசிடிஎச் 62. அட்ரீனல் கட்டியாக இருந்தால் அது அடங்கிப் போயிருக்கும், ஆகவே கட்டளை கொடுக்கும் இடத்தில்தான் கோளாறு. எம்ஆர்ஐயில் பிட்யூட்டரியில் 4 மில்லிமீட்டர் புள்ளி.

இங்கேதான் அவசரப்படக் கூடாது. அவ்வளவு சிறிய புள்ளி நோயில்லாதவர்களுக்கும் இருக்கும், ஏசிடிஎச்சை நுரையீரலில் இருக்கும் சின்னக் கட்டிகூடச் சுரக்கும். அதனால் தொடை ரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, பிட்யூட்டரியிலிருந்து வடியும் ரத்தத்தையும் கை ரத்தத்தையும் ஒப்பிட்டார்கள். மேலே ஏசிடிஎச் பல மடங்கு அதிகம். அதன் பிறகுதான் மூக்கு வழியாக அறுவை சிகிச்சை. மறுநாளே இன்சுலின் தேவை சரசரவென்று இறங்கியது, பழைய அளவையே போட்டிருந்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கியிருப்பார். எம்ஆர்ஐயை முதலிலேயே எடுத்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு வருத்தம். சம்பந்தமே இல்லாத புள்ளிக்குப் பின்னால் ஓட வேண்டியதாகிவிடுகிறது.

என் கணவருக்குச் சர்க்கரை, மூன்று மாத சராசரி 11. கல்யாண மோதிரம் ஏறவில்லை, செருப்பு 8 போய் 10. வளர்ச்சி ஹார்மோனுக்கான ஐஜிஎஃப்-1 பார்த்தார்கள், நார்மல் என்கிறார்கள்.

அதோடு விட்டுவிடாதீர்கள். ஐஜிஎஃப்-1 வளர்ச்சி ஹார்மோன் தூண்டுவதால் பெரும்பாலும் ஈரலில் தயாராவது, அதற்கு இன்சுலினும் வேண்டும். சர்க்கரை இவ்வளவு கெட்டிருக்கும்போது எண் பொய்யாகக் குறைந்து காட்டலாம். சர்க்கரையைச் சில வாரம் கட்டுக்குள் கொண்டுவந்து மறுபடி பாருங்கள். வழக்கமாக 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, வளர்ச்சி ஹார்மோன் 1 நானோகிராமுக்குக் கீழே அடங்குகிறதா என்று பார்ப்பார்கள். இவருக்கு இப்போது அது சரிப்படாது, சர்க்கரையும் எகிறும், பதிலும் குழப்பமாகவே வரும். பத்து வருஷத்துக்கு முந்தைய போட்டோ ஒன்றை எடுத்துப் போங்கள். தாடை, மூக்கு, பல் இடுக்கு இவற்றை நீங்கள் தினமும் பார்ப்பதால் தெரிந்திருக்காது. குறட்டை, கை மரத்துப்போவது இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

மேடம், நான் ஹார்மோன் லேபில் வேலை பார்க்கிறேன். மாத்திரைப் பரிசோதனையில் எல்லையை 1.8 என்று வைத்தால் நோயில்லாத பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். எங்களிடம் அதே குழாயில் டெக்ஸாமெத்தசோன் அளவும் பார்க்கச் சொல்கிறார்கள், அது உதவுகிறது. ஆனால் பருமனான சர்க்கரை நோயாளி எல்லோருக்கும் இதை எழுதுவது சரியா?

எழுதக் கூடாது என்பதுதான் என் கருத்து. லேசாக இடித்தாலே தோல் நீலமாவது, தொடைத் தசை பலவீனம், வயதுக்கு மீறிய பிபி அல்லது எலும்பு முறிவு, மருந்து கூட்டியும் அடங்காத சர்க்கரை, இப்படி ஏதாவது இருந்தால்தான் நான் எழுதுவேன். டெக்ஸாமெத்தசோன் அளவு பார்ப்பது நல்ல வழக்கம், மாத்திரை உள்ளே போனதா என்பதாவது தெரிந்துவிடும். எனக்கு இன்னும் தெளிவில்லாத இடம் வேறு. வேறெதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது அட்ரீனலில் கட்டி தெரிகிறது, உடம்பில் அடையாளம் எதுவும் இல்லை, பரிசோதனையில் கார்டிசால் 2.5, கூடவே சர்க்கரை. கட்டியை எடுத்த சிலருக்குச் சர்க்கரை நன்றாக இறங்கியது, சிலருக்கு ஒன்றுமே மாறவில்லை. யாருக்கு இறங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல என்னால் முடிந்ததில்லை, அதனால் வயது, பிபி, எலும்பு, மருந்துகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் வைத்து ஒவ்வொருவரிடமும் தனியாக உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுக்கிறேன்.