வீட்டில் சொல்லாத கடன்: கேள்வி பதில்
(பதில் சொல்பவர் வங்கிக் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்)

கேள்வி: கிரெடிட் கார்டில் 1,80,000 பாக்கி. மனைவிக்குத் தெரியாது. மாசம் மினிமம் 9,000 கட்டுறேன். எப்படிச் சொல்றது சார்?

பதில்: முதலில் ஸ்டேட்மென்ட்டைப் பாருங்கள் தம்பி. மாத வட்டி 3.5 சதவீதம் என்று வைத்தால் 6,300, அதன் மேல் ஜிஎஸ்டி 1,134. கட்டுகிற 9,000-ல் அசலுக்குப் போவது 1,566 ரூபாய்தான். சிபில் ரிப்போர்ட்டும் எடுங்கள், வருஷத்துக்கு ஒரு முறை இலவசம். கைமாற்று, அடகுக் கடை, சீட்டு பாக்கி அதில் வராது. அவற்றையும் சேர்த்து ஒரே தாளில் எழுதுங்கள்.

பிள்ளைகள் தூங்கியபிறகு, மறுநாள் லீவு இருக்கும் ராத்திரியாகப் பார்த்துப் பேசுங்கள். மொத்தத் தொகையை முதலில் சொல்லுங்கள், காரணம் அப்புறம். காரணத்தில் ஆரம்பித்தால் சாக்கு சொல்வதாகத்தான் கேட்கும்.

இதே தொகைக்கு 15 சதவீதத்தில் மூன்று வருடப் பர்சனல் லோன் கிடைத்தால் தவணை சுமார் 6,240. இப்போது கட்டுவதைவிடக் குறைவு, கடனும் தீரும். ஆனால் அந்த லோனை மனைவிக்குத் தெரியாமல் வாங்காதீர்கள். கார்டையும் மூடிவிடுங்கள். கார்டு பர்ஸிலேயே இருந்து, கடைசியில் இரண்டு கடனாக வந்து நின்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எதுக்கு லோன்? மனைவி நகையை பேங்கில் வச்சா வட்டி இன்னும் கம்மி.

பதில்: வட்டிக் கணக்கு சரி. ஆனால் நகை அவர்களுடையது. கடனைச் சொன்ன அன்றைக்கே வளையலைக் கேட்டால், அதற்காகத்தான் சொன்னார் என்று தோன்றும். அவர்களாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், மீட்கும் தேதியோடு.

கேள்வி: நான் குழுக் கடன் வாங்கி அண்ணனுக்குக் கொடுத்தேன். அடகு வச்சதை மட்டும் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டு, குழுக் கடனை நானே சத்தமில்லாம அடைச்சிடலாமா?

பதில்: வேண்டாம்மா. ஒரு தவணை தவறினால் குழுப் பெண்கள் வாசலுக்கே வருவார்கள். அப்போது முதலில் சொன்னதும் பொய்யாகிவிடும். அண்ணன் மாதம் எவ்வளவு தருவார் என்று கேட்டு, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் தரமாட்டார் என்றால் அதையும் மறைக்காதீர்கள்.

கேள்வி: என் கணவர் ஆப்பில் வாங்கின கடனை நான் கட்டணுமா?

பதில்: நீங்கள் இணைக் கடன்தாரராகவோ ஜாமீனாகவோ கையெழுத்துப் போடாதவரை கட்ட வேண்டியதில்லை. மனைவி என்பதற்காக உங்களிடம் வசூலிக்க முடியாது. இப்போது நீட்டுகிற தாளில் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்.

கேள்வி: எல்லாத்தையும் சொல்லிட்டேன் சார். மூணு மாசமா முகம் கொடுத்துப் பேசலை.

பதில்: எப்போது பேசுவார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. தவணை போன அன்றைக்கே, அவர்கள் கேட்காவிட்டாலும், மீதி எவ்வளவு என்று காட்டுங்கள். வங்கி எஸ்எம்எஸ் அவர்கள் போனுக்கும் போகிற மாதிரி செய்யுங்கள். தவணை கட்ட முடியாத மாதம் வந்தால், வங்கியிலிருந்து போன் வருவதற்கு முன்பே நீங்களே சொல்லிவிடுங்கள்.