சைட் சூப்பர்வைசர் வேலைக்கு விண்ணப்பக் கடிதம்: நடந்த விபத்தை எழுதலாமா?

கேள்வி: பி.இ. சிவில் முடித்து நான்கு வருடமாக ஒரே ஒப்பந்ததாரரிடம் ஜூனியர் இன்ஜினியராக இருக்கிறேன். இப்போது வேறு கம்பெனியில் சைட் சூப்பர்வைசர் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். வரைபடம் படிப்பது, பாதுகாப்பு, ஆட்களைக் கையாள்வது மூன்றையும் கடிதத்தில் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். எழுதினால் பயோடேட்டா மாதிரியே வருகிறது. போன வருடம் ஒரு கம்பி கட்டுபவர் சாரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அதை எழுதலாமா, விட்டுவிடலாமா?

பதில்: எழுதுங்கள். ஆனால் கடிதத்தின் முதல் பத்தியில் வேண்டாம், நடுவில் வரட்டும். ஏன் எழுத வேண்டும் என்று சொல்கிறேன், அதற்கு முன் வரைபடத்தை முடித்துவிடுவோம்.

நானும் சைட்டுக்கு ஆள் எடுப்பவன்தான். "ஸ்ட்ரக்சுரல், ஆர்க்கிடெக்சுரல் வரைபடங்கள் அனைத்தையும் படிக்கத் தெரியும்" என்ற வரி வருகிற எல்லாக் கடிதத்திலும் இருக்கும், அதை நான் படிப்பதுகூட இல்லை. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இரண்டு வரைபடம் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தபோது இந்த ஆள் அதை எப்போது பார்த்தார், கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னாலா, பின்னாலா? நான்கு வருடத்தில் உங்களிடம் அப்படி ஒன்றாவது இருக்கும், நினைவுபடுத்திப் பாருங்கள். அதை மட்டும் எழுதுங்கள். உதாரணத்துக்கு ஒன்று:

"இரண்டாம் தளத்தில் கழிவறைத் தளம் 300 மி.மீ. இறக்கம் என்று ஆர்க்கிடெக்ட் வரைபடத்தில் இருந்தது. எங்களிடம் இருந்த ஸ்ட்ரக்சுரல் வரைபடத்தின் முதல் திருத்தத்தில் அந்த இடம் மற்ற ஸ்லாபோடு ஒரே மட்டமாக இருந்தது. சென்ட்ரிங் மட்டம் பார்க்கும்போது, ஊற்றுவதற்கு இரண்டு நாள் முன்பு இதைக் கண்டு எழுத்தில் விளக்கம் கேட்டேன். இரண்டாவது திருத்தம் வந்தது. பலகையை இறக்கிக் கட்ட ஒரு நாள் தாமதமானது."

ஒரு நாள் தாமதமானதையும் எழுதியிருப்பதைக் கவனியுங்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஒரே மட்டமாக ஊற்றியிருந்தால் குழாய்க்கும் அதன் வளைந்த டிராப்புக்கும் ஆழம் கிடைக்காமல் கழிவறைத் தரையைத் தூக்கிப் படி வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்லாபை உடைத்திருக்க வேண்டும். படிக்கிற இன்ஜினியருக்கு அது சொல்லாமலே தெரியும், நீங்கள் விளக்கத் தேவையில்லை. ஆனால் நேர்காணலில் "ஏன் 300?" என்று கேட்பார்கள், அதற்குப் பதில் தயாராக இருக்கட்டும். அடுத்தவருடைய சம்பவத்தை உங்களுடையது என்று எழுதினால் இந்த மாதிரி கேள்வியில்தான் மாட்டுவீர்கள்.

சரி, இப்போது விபத்து. "என் பணிக்காலத்தில் எந்த விபத்தும் இல்லை" என்று ஒருவர் எழுதினால் எனக்கு நிம்மதி வருவதில்லை, இவர் சைட்டில் பதிவேடு இருந்ததா என்ற சந்தேகம்தான் வருகிறது. நடந்ததைச் சொல்லி, பிறகு என்ன மாற்றினார் என்று சொல்பவரிடம்தான் மேற்கொண்டு பேசத் தோன்றும். ஒன்றைத் தவிர்த்துவிடுங்கள்: "தொழிலாளியின் கவனக்குறைவால்" என்ற சொற்களை எங்கும் எழுத வேண்டாம். உங்கள் ஆள் ஏன் விழுந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. சாரத்தில் அடிக்கடி நடப்பது இது: பலகையின் முனை தாங்கலைத் தாண்டி நீண்டிருக்கும், கட்டப்பட்டிருக்காது, அந்த முனையில் கால் வைத்ததும் மறுமுனை தூக்கிக்கொள்ளும், ஆள் கீழே. உங்கள் சைட்டிலும் இதுதான் காரணம் என்றால் இப்படி எழுதலாம் (வேறு காரணமென்றால் அதை வையுங்கள், இதை நகலெடுக்க வேண்டாம்):

"ஒன்பது மாதம், சராசரி 45 பேர், சுமார் 84,000 மனித மணி நேரத்தில் வேலை இழப்புக் காயம் ஒன்று. கட்டாத சாரப் பலகையின் நீண்ட முனையில் கால் வைத்ததும் மறுமுனை தூக்கியதால் ஒரு கம்பி கட்டுபவர் 2 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்தது. மறுநாள் முதல் பலகையின் இரு முனையும் கட்டிய பிறகுதான் சாரத்தில் ஏறலாம் என்பதற்கான பச்சை அட்டை மாட்டினோம். காலையில் நான் பார்த்து அட்டை மாட்டும் வரை யாரும் ஏறவில்லை. அதன்பின் சாரத்தில் விழுந்த சம்பவம் இல்லை."

அந்த 84,000 எப்படி வந்தது என்றால், 45 பேர், தினம் 8 மணி, மாதம் 26 நாள், 9 மாதம், பெருக்கினால் 84,240. உங்கள் ஆஜர் பதிவேட்டிலிருந்து உங்கள் எண்ணைப் போடுங்கள், ஓவர்டைம் மணியையும் சேர்த்து. சிலர் இதைப் பத்து லட்சம் மணிக்கு இத்தனை என்று விகிதமாக மாற்றுவார்கள், உங்களுக்கு அது 12-க்குப் பக்கத்தில் வரும், பார்க்க பயங்கரமாக இருக்கும். சின்ன சைட்டில் ஒரே ஒரு சம்பவத்தை வைத்து விகிதம் போட்டால் அதற்கு அர்த்தமே இல்லை. மணியையும் எண்ணிக்கையையும் அப்படியே கொடுங்கள், போதும். அடிபட்டவர் பெயர், கம்பெனி அவருக்கு என்ன கொடுத்தது என்பதெல்லாம் கடிதத்தில் வேண்டாம்.

ஆட்களைக் கையாள்வது பற்றி "நல்லுறவு பேணுவேன்" என்று எழுதாதீர்கள். சைட்டில் சண்டை பெரும்பாலும் அளவில்தான் வருகிறது. சென்ட்ரிங் மேஸ்திரிக்கு சதுர மீட்டர் கணக்கில் பணம், பீம் பக்கவாட்டை அவர் ஸ்லாபின் மேல் மட்டத்திலிருந்து அளப்பார், அலுவலகம் ஸ்லாபின் அடிமட்டத்திலிருந்து அளக்கும். ஒரு தளத்தில் உள்பீம் நீளம் மொத்தம் 80 மீட்டர், ஸ்லாப் தடிமன் 125 மி.மீ. என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து 20 சதுர மீட்டர் வித்தியாசம், பில் போடும் நாளில் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். இதை வேலை தொடங்கும் முன்பே மேஸ்திரியோடு பேசி, படம் போட்டு, கையெழுத்து வாங்கி வைத்தேன், தினம் மாலை இருவரும் சேர்ந்து அளந்தோம் என்று எழுத முடிந்தால் அதுதான் ஆட்களைக் கையாள்வது. எத்தனை கொத்தனார், எத்தனை கம்பி கட்டுபவர், எத்தனை உதவியாளர் உங்கள் கீழ் இருந்தார்கள் என்பதை ஒரே வரியில் சேர்த்துவிடுங்கள்.

அப்புறம் நீங்கள் கேட்காத ஒன்று. பி.இ. முடித்தவர் சூப்பர்வைசர் வேலைக்கு வருகிறார் என்றாலே, இன்ஜினியர் வேலை கிடைத்ததும் போய்விடுவார் என்று நினைப்பார்கள். ஏன் வருகிறீர்கள் என்பதை உண்மையாக ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். இதுவரை ஒரு தளத்தை மட்டும் பார்த்தேன், இனி அடித்தளத்திலிருந்து ஒப்படைப்பு வரை ஒரு சைட்டை முழுதாக நடத்த வேண்டும் என்பதுபோல.

கடிதத்தோடு பழைய சைட்டின் வரைபடத்தை மட்டும் இணைத்துவிடாதீர்கள், அது உங்கள் சொத்து இல்லை, இன்னொருவருடைய வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு வருபவர் எங்களுடையதையும் கொண்டுபோவார் என்றுதான் தோன்றும். வேண்டுமென்றால் அந்தக் கழிவறை மாதிரியான ஒரு வெட்டுத்தோற்றத்தை நேர்காணலில் வெறும் காகிதத்தில் கையால் போட்டுக் காட்டுங்கள்.