கிரியேட்டினுக்குச் சர்க்கரை துணை வேண்டுமா?

"குமுளியில் ஏலக்காய்க் கடையில் வேலை பார்க்கிறேன். வயது 26, எடை 70 கிலோ. ஜிம் மாஸ்டர் சொன்னபடி தசை வலுவுக்காகத் தினமும் 5 கிராம் கிரியேட்டின் தூளை ஒரு டம்ளர் ஐஸ் போட்ட திராட்சை ஜூஸில், மூன்று ஸ்பூன் சர்க்கரையும் சேர்த்துக் கலக்கிக் குடிக்கிறேன். இன்சுலின் ஏறினால்தான் தசைக்குள் போகுமாம். டம்ளர் அடியில் வெள்ளையாகத் தங்குகிறது, வயிறும் சரியில்லை. அப்பாவுக்குச் சுகர் உண்டு. பாலுக்கு மாறலாமா, இப்படியே தொடரலாமா?"

மாஸ்டர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. தசைச் செல்லின் சவ்வில் கிரியேட்டினை உள்ளே இழுக்கும் ஒரு கடத்திப் புரதம் உண்டு. அது சோடியத்தின் துணையோடு வேலை செய்கிறது. இன்சுலின் உயரும்போது அந்த வேலை வேகமெடுக்கிறது. 1996-இல் நாட்டிங்காம் பல்கலைக்கழக ஆய்வில் 5 கிராம் கிரியேட்டின் கொடுத்து, அரை மணி நேரம் கழித்து சுமார் 93 கிராம் சர்க்கரை உள்ள பானம் கொடுத்தார்கள். இப்படி நாளுக்கு நான்கு வேளை, ஐந்து நாள். கிரியேட்டின் மட்டும் எடுத்தவர்களைவிட இவர்கள் தசையில் அது சுமார் 60 சதவீதம் அதிகமாகச் சேர்ந்தது.

ஆனால் அந்த அளவைக் கவனியுங்கள். நான்கு வேளைக்கும் சேர்த்து நாளொன்றுக்குச் சுமார் 370 கிராம் சர்க்கரை, ஏறக்குறைய 1,480 கலோரி. இன்சுலினை நேரடியாக ரத்தத்தில் ஏற்றிப் பார்த்த 1998 ஆய்விலும், அளவு மிக உயர்ந்தபோதுதான் கிரியேட்டின் சேர்வது கூடியது. சுமாராக உயர்ந்தபோது மாற்றம் தெரியவில்லை. உங்கள் டம்ளரில் 200 மி.லி. கம்பம் பன்னீர் திராட்சைச் சாறு என்றால் அதில் சுமார் 30 கிராம் சர்க்கரை இருக்கும். மேலே போட்ட மூன்று டீஸ்பூனுக்கு 15 கிராம் வையுங்கள். மொத்தம் 45. ஆய்வின் ஒரு வேளை அளவில் பாதிதான், அதுவும் நாளுக்கு ஒரு தடவை மட்டும்.

அதைவிட முக்கியமான விஷயம், தசை கொள்ளும் கிரியேட்டினுக்கு ஒரு வரம்பு உண்டு. சர்க்கரை அந்த வரம்பை நோக்கிப் போகும் வேகத்தைக் கூட்டலாம். சர்க்கரையே இல்லாமல் நாளுக்கு வெறும் 3 கிராம் எடுத்தாலும் 28 நாளில், ஆறு நாள் 20 கிராம் வீதம் எடுத்தவர்களுக்கு ஏறிய அதே அளவு ஏறிவிடுகிறது. தசை நிறைந்த பிறகு, 70 கிலோ உடம்பு ஒரு நாளில் இழக்கும் சுமார் 2 கிராமை ஈடுகட்டினால் போதும். மிச்சம் சிறுநீரில் போய்விடும். அடுத்த வாரமே போட்டி என்றால் அவசரப்படுவதில் அர்த்தம் உண்டு. உங்களுக்கு அந்த அவசரம் இல்லை.

பாலுக்கு மாறினால் கெடுதல் இல்லை, இன்சுலினுக்காக மாற வேண்டியதும் இல்லை. இன்னோர் ஆய்வில் கிரியேட்டினோடு சுமார் 50 கிராம் புரதமும் 47 கிராம் மாவுச்சத்தும் சேர்த்துக் கொடுத்தபோது, 96 கிராம் மாவுச்சத்துக்கு இணையான பலன் கிடைத்தது என்பது உண்மைதான். ஆனால் அவ்வளவு புரதத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் பால் வேண்டும். மத்தியானச் சாப்பாட்டில் 120 கிராம் அரிசி வெந்த சோறு உண்டால் 90 கிராமுக்கு மேல் மாவுச்சத்து அதிலேயே வந்துவிடுகிறது. மீன் குழம்போ முட்டையோ சேர்ந்தால் புரதமும் ஆயிற்று. இன்சுலினின் உதவி கொஞ்சமாவது வேண்டுமென்றால், சாப்பிட்ட கையோடு கிரியேட்டினைக் குடியுங்கள். தனியாகச் சர்க்கரை போடாதீர்கள். அப்பாவுக்குச் சுகர் இருப்பதால் உங்களுக்கும் வர வாய்ப்பு அதிகம்.

டம்ளர் அடியில் தங்கும் வெள்ளை, கரையாத கிரியேட்டின். 20 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 14 கிராம்தான் கரையும்; 4 டிகிரியில் 6 கிராம்தான். 200 மி.லி. ஐஸ் ஜூஸில் ஒரு கிராமுக்குச் சற்று மேல் கரையும், மீதி மணலாக இறங்கிவிடும். உங்கள் ஊர்ப் பக்கம் சாப்பாட்டோடு வைக்கும் பதிமுகப் பட்டை போட்ட இளஞ்சூட்டுத் தண்ணீரே இதற்குப் பொருத்தம். 250 மி.லி. எடுத்து, 3 கிராம் போட்டு, துகள் மறையும் வரை கலக்குங்கள். அடியில் ஏதாவது தங்கினால் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அலசி அதையும் குடித்துவிடுங்கள். கரையாததும் மருந்துதான், வீண் இல்லை. அளவுக்கு டப்பாவில் வரும் ஸ்கூப் எத்தனை கிராம் என்று லேபிளில் பாருங்கள்.

ஜூஸில் கலந்தாலும் உடனே குடித்தால் கிரியேட்டின் கெடாது. காலையில் பாட்டிலில் கலக்கி நாள் கணக்கில் வைப்பதுதான் தவறு. புளிப்பில் அது மெல்ல மெல்லக் ‘கிரியேட்டினின்’ என்ற கழிவுப் பொருளாக மாறிவிடும், அதனால் தசைக்குப் பயனில்லை. வயிற்றுக் கோளாறுக்கு, கரையாத தூளும் ஒரே மூச்சில் போகும் சர்க்கரையும் குடலுக்குள் தண்ணீரை இழுப்பது காரணமாக இருக்கலாம். ஒரு வாரம் சர்க்கரையை நிறுத்தி, 3 கிராமாகக் குறைத்து, சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்துப் பாருங்கள். அப்படியும் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை என்றால் கிரியேட்டினையும் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது கிரியேட்டின் எடுப்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். ரத்தத்தில் ‘கிரியேட்டினின்’ என்ற அந்தக் கழிவின் அளவு சற்று ஏறித் தெரியலாம், சிறுநீரகக் கோளாறு என்று தவறாக எண்ண இடமுண்டு. சிறுநீரக நோய் ஏற்கெனவே இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.