41 மாதப் பாக்கி: வாத்தியாருக்கு எப்படி நோட்டீஸ் எழுதுவது?

"கடலூர் மஞ்சக்குப்பத்தில் 12 வீடுகள் உள்ள எங்கள் அடுக்ககத்துக்கு நான்தான் பொருளாளர். மாதப் பராமரிப்பு 1,500 ரூபாய். ஒரு உறுப்பினர் 2022 நவம்பரிலிருந்து கட்டவில்லை. நடுவில் 2024 ஆகஸ்டில் ஜிபேயில் 6,000 ரூபாய் போட்டார், எதற்கு என்று எழுதவில்லை. மொட்டைமாடி ஒழுகுவதைச் சரிசெய்தால்தான் மீதி என்கிறார். இப்போது வீட்டைப் பூட்டிவிட்டுப் புதுச்சேரியில் மகளோடு இருக்கிறார். சங்கடம் என்னவென்றால் அவர் பள்ளியில் எனக்குப் பாடம் எடுத்தவர். மரியாதை குறையாமல், ஆனால் பணம் வரும்படி எப்படி நோட்டீஸ் எழுதுவது? பைலாவில் தாமதத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி என்று இருக்கிறது. மார்ச் 20-ம் தேதி அனுப்பலாம் என்று கமிட்டி சொல்கிறது."

எழுதும் தொனியைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். எனக்கு அதைவிடத் தேதிதான் கவலை. அடுக்ககச் சங்கங்களின் கணக்கைப் பல வருடம் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: "நோட்டீஸ் அனுப்பிவிட்டோம், இனி பாக்கி காலாவதியாகாது" என்று நம்பாத பொருளாளரை நான் அநேகமாகப் பார்த்ததில்லை. அது தவறு. நீங்கள் எத்தனை நோட்டீஸ் அனுப்பினாலும் கடிகாரம் நிற்காது. அவர் கையெழுத்துப் போட்டால்தான் நிற்கும்.

இப்படிப்பட்ட பாக்கிக்கு வழக்குப் போட மூன்று ஆண்டுதான் காலவரம்பு. அதுவும் மொத்தப் பாக்கிக்கு ஒரே தேதி கிடையாது. ஒவ்வொரு மாதத் தவணைக்கும் அது செலுத்தவேண்டிய நாளிலிருந்து தனித்தனியாக ஓடும். உங்கள் பைலாவில் மாதம் 10-ம் தேதிக்குள் கட்டவேண்டும் என்று இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் 2023 மார்ச் மாதத் தவணையின் மூன்று ஆண்டு இந்த மார்ச் 10-ஐ ஒட்டி முடிந்துவிட்டது. ஏப்ரல் மாதத் தவணை வரும் ஏப்ரல் 10-ஐ ஒட்டி முடியும். இப்படி மாதம் ஒரு 1,500 ரூபாய் கையைவிட்டு நழுவிக்கொண்டே இருக்கும்.

அதற்கு முந்தைய மாதங்கள் என்ன ஆயின என்றால், அந்த 6,000 ரூபாய் இங்கே உங்களைக் காப்பாற்றுகிறது. பணம் கட்டுபவர் "இது இந்த மாதத்துக்கு" என்று சொல்லிக் கட்டினால் அதற்குத்தான் வரவு வைக்கவேண்டும். சொல்லாவிட்டால், எந்தப் பாக்கிக்கு என்று வாங்குபவர் முடிவு செய்யலாம். யாருமே முடிவு செய்யாவிட்டால் பழைய பாக்கியிலிருந்து வரிசையாகக் கழியும். இந்திய ஒப்பந்தச் சட்டம் 59 முதல் 61 வரையுள்ள பிரிவுகள் இதைத்தான் சொல்கின்றன. ஆகவே அந்தப் பணம் 2022 நவம்பர் முதல் 2023 பிப்ரவரி வரை நான்கு மாதத்துக்கு. உங்கள் லெட்ஜரில் அது "அட்வான்ஸ்" என்றோ, 2024 ஆகஸ்ட் மாத வரவு என்றோ கிடந்தால் இப்போதே மாற்றி எழுதி, நோட்டீஸிலும் அதைச் சொல்லிவிடுங்கள். அவர் ஜிபேயில் குறிப்பு எதுவும் தட்டச்சு செய்திருக்கிறாரா என்று ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். செய்திருந்தால் இந்தக் கணக்கு மாறும்.

சரி, கணக்கு இப்படி நிற்கிறது. 2022 நவம்பர் முதல் 2026 மார்ச் வரை 41 மாதம், 61,500 ரூபாய். வந்தது 6,000. பாக்கி 55,500. அதாவது 2023 மார்ச் முதல் 37 மாதம். இதில் காலவரம்பு தாண்டியது ஒரே ஒரு மாதம், 1,500 ரூபாய். வட்டி 12 சதவீதம் தனிவட்டி என்றால் ஒரு தவணைக்கு மாதம் 15 ரூபாய். 37 தவணைக்கும் மாதங்களைக் கூட்டினால் மார்ச் வரை 9,990 ரூபாய் வருகிறது. கட்டி முடிந்த நான்கு மாதத்துக்குத் தாமத வட்டி கேட்கலாம்தான், ஆனால் வாத்தியாரிடம் அந்தச் சில்லறையைக் கேட்டு வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. வட்டிக்கு வட்டி போடாதீர்கள், பைலாவில் இல்லாததை வாட்ஸ்அப் குழுவில் முடிவெடுத்துச் சேர்க்காதீர்கள். வட்டியைத் தள்ளுபடி செய்யும் அதிகாரமும் உங்கள் கையில் இல்லை. கமிட்டித் தீர்மானம் வேண்டும்.

நோட்டீஸோடு இன்னொரு தாள் போகவேண்டும். நோட்டீஸைவிட அதுதான் முக்கியம். அவர் கையெழுத்திட வேண்டிய ஒப்புதல் கடிதம் அது. காலவரம்புக்குள் இருக்கும் பாக்கியைக் கடனாளி எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு தொடங்கும். இது காலவரம்புச் சட்டம் 18-வது பிரிவு. காலாவதியான அந்த ஒரு மாதத்துக்கு வெறும் "பாக்கி உள்ளது" போதாது. "செலுத்துகிறேன்" என்ற வாக்குறுதி வேண்டும். கையெழுத்தோடு அப்படி எழுதிக்கொடுத்தால் காலாவதியான கடனும் உயிர்பெறும் என்று ஒப்பந்தச் சட்டம் 25-வது பிரிவு சொல்கிறது. ஜிபே பதிவையோ வாட்ஸ்அப் பதிலையோ கையெழுத்தாக ஏற்பார்களா என்று வக்கீல்கள் வாதாடட்டும். நீங்கள் தாளில் வாங்கிவிடுங்கள்.

இனி நோட்டீஸ். இப்படி எழுதலாம்:

> மதிப்பிற்குரிய ஐயா,
>
> வணக்கம். தங்கள் வீட்டுக்கான பராமரிப்புக் கட்டணக் கணக்கை இத்துடன் இணைத்துள்ளோம். 2024 ஆகஸ்டில் தாங்கள் அனுப்பிய ரூ.6,000, 2022 நவம்பர் முதல் 2023 பிப்ரவரி வரையிலான நான்கு மாதங்களுக்கு வரவு வைக்கப்பட்டுள்ளது. அதன்பின் 2023 மார்ச் முதல் 2026 மார்ச் வரை 37 மாதங்களுக்கு ரூ.55,500 நிலுவையில் உள்ளது. பைலாவின்படி இதற்கான வட்டி ரூ.9,990.
>
> மொட்டைமாடி ஒழுகல் பற்றித் தாங்கள் கூறியது கமிட்டியின் கவனத்தில் உள்ளது. வரும் ஞாயிறு, மார்ச் 29 காலை 10 மணிக்குக் கொத்தனாருடன் பார்வையிட உள்ளோம். தாங்களோ தங்கள் சார்பில் ஒருவரோ சாவியுடன் வர வேண்டுகிறோம். பழுது பொதுப்பகுதியில் இருந்தால் சங்கச் செலவில் சரிசெய்யப்படும். ஆனால் அந்த வேலையும் மாதக் கட்டணமும் வேறு வேறு. ஒன்றுக்காக மற்றொன்றை நிறுத்திவைக்க இயலாது.
>
> ஏப்ரல் 4-ம் தேதிக்குள் முழுத்தொகையைச் செலுத்தினாலோ, இணைப்பில் உள்ள ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்திட்டு முதல் தவணையைச் செலுத்தினாலோ, வட்டியைத் தள்ளுபடி செய்யக் கமிட்டி தீர்மானித்துள்ளது. அதற்குள் பதில் இல்லையெனில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு அளிப்பதைத் தவிர எங்களுக்கு வேறு வழியில்லை.
>
> கணக்கில் தவறு இருந்தால் சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்கிறோம்.
>
> கமிட்டியின் தீர்மானப்படி,
> பொருளாளர்

இதில் "உடனே", "இறுதி எச்சரிக்கை", "மற்றவர்கள் பணத்தில்" போன்ற சொற்கள் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். எண், தேதி, அடுத்து என்ன நடக்கும் ஆகிய மூன்றும் இருக்கின்றன. கண்டிப்புக்கு அது போதும். கணக்கில் தவறு சுட்டச் சொல்லும் வரியைச் சிலர் பலவீனம் என்று அடித்துவிடுவார்கள். விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் பதில் எழுதத் தூண்டுவது அந்த வரிதான். "ஆமாம், ஆனால் இத்தனை மாதம்தான்" என்று அவர் கையெழுத்திட்டு எழுதினாலும் அது உங்களுக்குப் பயன்படும்.

மாடி பற்றிய பத்தியைக் காகிதத்தோடு விட்டுவிடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை உண்மையாகவே போய்ப் பாருங்கள், போட்டோ எடுங்கள். பொது மாடியிலிருந்து வீட்டுக்குள் ஒழுகினால் அது சங்கத்தின் வேலை, அவர் புகாரில் நியாயம் உண்டு. நடவடிக்கை என்று வந்தால் அவர் முதலில் எடுத்து வைப்பது அந்த ஒழுகலைத்தான். வீடு பூட்டிக் கிடப்பதைக் காரணம் காட்டினால் அது எடுபடாது. காவலாளி, மோட்டார், பொது விளக்கு எல்லாம் பூட்டிய வீட்டுக்கும் சேர்த்துத்தான் ஓடுகின்றன.

நோட்டீஸில் எழுதக் கூடாதவையும் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு அடுக்ககத்தில் பொருளாளர் கோபத்தில் ஒரு வீட்டின் தண்ணீர் வால்வை அடைத்தார். பாக்கிக்காரர் நேராகக் காவல் நிலையம் போனார். அதன்பின் ஆறு மாதம் பேச்செல்லாம் தண்ணீரைப் பற்றித்தான், பாக்கியைப் பற்றி யாரும் பேசவில்லை. தண்ணீர், மின்சாரம் பக்கம் போகாதீர்கள். பெயரைப் பலகையிலோ வாட்ஸ்அப் குழுவிலோ போடுவதும் வேண்டாம். அது அவதூறு என்று திரும்பும் வாய்ப்பு உண்டு. அதோடு உங்கள் வாத்தியார் இனி உங்கள் முகத்தில் விழிக்க மாட்டார்.

இரண்டாவது தாளான அந்த ஒப்புதல் கடிதத்தில் எழுதவேண்டியது இவ்வளவுதான்: "2023 மார்ச் முதல் 2026 மார்ச் வரை ரூ.55,500 நான் சங்கத்துக்குச் செலுத்தவேண்டிய பாக்கி என்பதை ஒப்புக்கொள்கிறேன். இதில் ரூ.10,500 இன்றும், மீதி ரூ.45,000 மாதம் ரூ.4,500 வீதம் பத்துத் தவணையிலும், நடப்பு மாதக் கட்டணத்துடன் சேர்த்துச் செலுத்துகிறேன்." கீழே தேதி, கையெழுத்து, ஒரு சாட்சி. ஓய்வூதியத்தில் வாழ்பவர் என்றால் தவணையைக் குறைத்து மாதங்களைக் கூட்டுங்கள். கையெழுத்து ஏப்ரல் 10-க்கு முன் வருவதுதான் முக்கியம்.

நோட்டீஸை ஸ்பீட் போஸ்ட்டில் ஒப்புகையோடு புதுச்சேரி முகவரிக்கும் கடலூர் வீட்டு முகவரிக்கும் அனுப்புங்கள். அனுப்பிய ரசீதையும், "பெற மறுத்தார்" என்று திரும்பி வந்தால் அந்த உறையையும் பிரிக்காமல் வைத்திருங்கள். ஆனால் தபால் போய்ச் சேருவதற்கு முன்பே நீங்கள் ஒரு போன் செய்துவிட வேண்டும். "சார், கமிட்டி சார்பில் ஒரு கடிதம் வரும், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நானே கணக்கோடு வந்து பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கமிட்டியில் வயதான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். சாட்சிக் கையெழுத்துக்கும் ஆள் ஆயிற்று.

அப்படியும் நகரவில்லை என்றால், கடலூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனுவாகக் கொடுங்கள். அந்த ஆணைக்குழு நடத்தும் லோக் அதாலத்துக்கு நீதிமன்றக் கட்டணம் கிடையாது. இரு தரப்பும் ஒப்புக்கொண்டு அங்கே எழுதப்படும் முடிவு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் இல்லை. ஒரே குறை, அவர் வந்து சம்மதித்தால்தான் அது நடக்கும். வராவிட்டால் உரிமையியல் வழக்குதான். பைலாப்படி சங்கத்தின் பெயரில் வழக்குப் போடும் அதிகாரம் யாருக்கு என்பதையும் இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், பல சங்கங்களில் அது செயலாளருக்குத்தான், பொருளாளருக்கு இல்லை.

பணம் வந்ததும் ரசீதில் மாதங்களை எழுத மறக்காதீர்கள். 10,500 ரூபாய் என்றால் "2023 மார்ச் முதல் செப்டம்பர் வரை, ஏழு மாதம்" என்று எழுதி, அடிக்கட்டையில் அவர் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள்.