தூக்குத் தண்டனை: கருணை மனுவுக்கு முன்னால் செய்ய வேண்டியவை

கேள்வி: என் தம்பிக்கு செஷன்ஸ் கோர்ட்டில் கொலை வழக்கில் தூக்குத் தண்டனை விதித்துவிட்டார்கள். அவன் அந்த இடத்திலேயே இல்லை. ஊரில் எல்லோரும் ஜனாதிபதிக்குக் கருணை மனு போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: இப்போது வேண்டாம். கருணை மனு தண்டனையைக் குறைக்கக் கேட்பது. உங்கள் தம்பி குற்றவாளியே இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் உயர் நீதிமன்றம்.

செஷன்ஸ் நீதிபதி விதித்த தூக்கு, பி.என்.எஸ்.எஸ். என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 407-ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் நிறைவேறாது. கோப்பு தானாகவே அங்கே போய்விடும். அதை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். தீர்ப்பு நாளிலிருந்து 30 நாளுக்குள் தனியாக மேல்முறையீடும் போடுங்கள். தீர்ப்பு நகல் இலவசம். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழு அமர்த்தித் தரும். உயர் நீதிமன்றம் சாட்சியங்களை முதலிலிருந்து எடைபோடும். தேவைப்பட்டால் 408-இன்படி கூடுதல் சாட்சியமும் எடுக்கச் சொல்லலாம்.

எதைத் தேடுவது? மகாராஷ்டிராவில் 2003-இல் நடந்த ஒரு கொலை வழக்கைச் சொல்கிறேன். தாக்குதலில் உயிர்தப்பிய பெண், போலீஸ் காட்டிய புகைப்படங்களில் நான்கு பேரை அடையாளம் காட்டினார். அந்த நால்வரைப் பிடிக்கவில்லை. வேறு ஆறு பேர் மீது வழக்கு நடந்தது. 2009-இல் உச்ச நீதிமன்றமே ஆறு பேருக்கும் தூக்கு என்றது; அவர்களில் மூவருக்கு உயர் நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்திருந்ததையும் மாற்றிவிட்டது. பிறகு அதே நீதிமன்றம் அந்த வழக்கைத் திரும்பத் திறந்து, 2019 மார்ச் 5-இல் ஆறு பேரையும் விடுதலை செய்து, தலைக்கு 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. பதினாறு ஆண்டுக்கு ஐந்து லட்சம்! இடையில் தூக்கிலிட்டிருந்தால் அந்தத் தொகையை வாங்கவும் ஆள் இருந்திருக்காது. கொலையுண்டவர்களின் குடும்பத்துக்கும் இழப்புதான்: அடையாளம் காட்டப்பட்ட நால்வரைப் பற்றி யாரும் விசாரிக்கவே இல்லை.

ஆகவே வக்கீலிடம் முதலில் கேளுங்கள்: போலீஸ் சேகரித்து, கோர்ட்டில் தாக்கல் செய்யாமல் விட்ட ஆவணங்களின் பட்டியல் வாங்கினாரா? சாட்சிகள் போலீஸிடம் முதலில் சொன்னதும் கூண்டில் சொன்னதும் ஒத்துப்போகிறதா? அடையாள அணிவகுப்புக்கு முன்பே தம்பியின் படம் பத்திரிகையில் வந்ததா? சம்பவ நேரத்தில் அவர் வேறிடத்தில் இருந்ததற்கு செல்போன் பதிவு, பஸ் டிக்கெட், வேலைக்குப் போன வருகைப் பதிவேடு எதுவானாலும் உடனே திரட்டுங்கள். நாளாக ஆக அவை அழிந்துபோகும்.

தண்டனையைக் குறைக்கும் வாதம் தனி. அதற்குச் சிறை நடத்தை அறிக்கை, மனநல அறிக்கை, குடும்பப் பின்னணி ஆகியவற்றைக் கேட்டு வாங்கச் சொல்லி 2022-இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. விடுதலை வாதத்தோடு இதையும் சேர்த்தே வையுங்கள்; ஒன்று இன்னொன்றைக் கெடுக்காது.

உச்ச நீதிமன்றமும் தள்ளிவிட்டால், அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பார்க்கக் கேட்கும் சீராய்வு மனுவைத் திறந்த நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் கேட்பார்கள். கருணை மனுவுக்கான 30 நாள், உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளியதைச் சிறைக் கண்காணிப்பாளர் தம்பிக்குத் தெரிவித்த பிறகுதான் ஓடத் தொடங்கும்.