ஆளைத் தொடாத கிண்டல்

கேள்வி: நண்பர்களைக் கலாய்க்கும்போது புதுசா, சிரிக்கிற மாதிரி உவமை எப்படி உருவாக்குவது? நான் சொன்னால் மனசு நோகுது என்கிறார்கள்.

தொல்காப்பியம் உவமையை நான்காகப் பிரிக்கிறது: வினை, பயன், மெய், உரு. மெய் என்றால் வடிவம், உரு என்றால் நிறம். நீங்கள் சொல்வது நோகிறது என்றால், பெரும்பாலும் மெய்யிலோ உருவிலோ கை வைத்திருப்பீர்கள். உயரம், பருமன், கறுப்பு இதையெல்லாம் அவரால் மாற்ற முடியாது. வினையைப் பிடியுங்கள். அவர் செய்த ஒரு காரியம் மட்டும் போதும்.

நான் இருப்பது சுங்கை சிப்புட் பக்கம். எங்கள் தாமானில் ஒரு விசேஷம் நடந்தால் நாற்காலி அடுக்குவது நண்பர்கள் வேலை. ஒருவன் எல்லாம் அடுக்கி முடித்த பிறகு வந்து, "அந்த வரிசையை இப்படிப் போடுங்கடா" என்று சத்தம் போடுவான். அவனை "சோம்பேறி" என்றால் அது வெறும் திட்டு. "செம்பனை மரமாட்டம் நிக்கிறான்" என்றால் உயரத்துக்குப் போய்விடும். "தேங்காய் பறிச்ச பிறகு மரமேற வந்த குரங்கு" என்பதில் வினை சரிதான், ஆனால் குரங்கு என்றதும் எல்லோரும் அவன் முகத்தைப் பார்ப்பார்கள். மிருகத்தைச் சொன்னால் அதன் உடம்பும் கூடவே வந்துவிடும். அதனால் நான் பொருட்களிடம்தான் போவேன்.

முதலில் அவன் செய்வதை ஆள் பெயர் இல்லாமல் ஒரு வரியில் சொல்லிப் பாருங்கள்: வேலை முடிந்த பிறகு, அக்கறையாகக் கட்டளை போடுவது. அப்புறம், ஊரில் எந்தப் பொருள் இதையே செய்கிறது என்று தேடுங்கள். எனக்குத் திருவிழா மைக் கிடைத்தது. கடைசியாக, கண்ணில் தெரிகிற ஒரு விவரம் சேருங்கள்:

"ரதம் கோயிலுக்குள்ள போன பிறகும் 'வழி விடுங்க, வழி விடுங்க'ன்னு கத்துற மைக் மாதிரி இருக்கேடா."

'மைக் மாதிரி கத்துறே' என்று நிறுத்தினால் பழசு. ரதம் போய்விட்டது என்பதுதான் சிரிப்பு. கேட்கிறவன் முதலில் காலித் தெருவைப் பார்க்கிறான், ஒரு நொடி கழித்துத்தான் நண்பனோடு முடிச்சுப் போடுகிறான். அந்த இடைவெளி அபத்தத்தால் வருகிறது. மைக்கும் மனிதனும் எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது, ஆனால் செயல் அச்சாகப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் வெறும் உளறல். நீங்களே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தால் அது பொருந்தவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

பலித்ததா என்பதற்கும் ஒரு அடையாளம் உண்டு. அவனே அதை வளர்ப்பான். இவன் உடனே, "அந்த மைக்குக்கு ஒயர் புடிச்சவன் நீதானே மச்சான்" என்றான். மற்றவர்கள் சிரித்த பிறகு அவன் தாமதமாகச் சிரித்தால், அந்த உவமையை அன்றோடு விட்டுவிடுங்கள். நல்ல உவமையும் நாலு தடவை சொன்னால் பட்டப்பெயர் ஆகிவிடும், பட்டப்பெயர் ஆளோடு ஒட்டிக்கொள்ளும்.

உங்களுக்குக் கீழே வேலை செய்பவரிடம் மட்டும் இதை வைத்துக்கொள்ளாதீர்கள். மண்டோர் சொன்னால் பதில் உவமை சொல்ல அவருக்கு வழியில்லை.